ராத்திரி வந்த மெசேஜுக்குக் காலையில் என்ன பதில் போடுவது?

கேள்வி: "சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வேலை. ஆறு மணிக்கு முன்னாலயே பெரட்டுல பேர் கொடுக்கணும், அதனால ஒன்பதரைக்கெல்லாம் படுத்துடுவேன். நேத்து ராத்திரி ஒரு மணி வாக்குல என் கூட்டாளி வரிசையா மெசேஜ் போட்டிருக்கா. அவ அப்பாவுக்கு டயாலிசிஸ், அண்ணன் ஜோகூர்ல, எல்லாம் இவ தலையிலதான். அழுதுகிட்டே ஒரு வாய்ஸ் வேற. ஒன்னைப் போட்டுட்டு அழிச்சிட்டா. கடைசியில 'சரி விடு, ஒன்னும் இல்ல, நீ தூங்கு'ன்னு முடிச்சிருக்கா. நான் அஞ்சு மணிக்குத்தான் பார்த்தேன். என்னன்னு பதில் போடறது? மனசு ரொம்ப உறுத்துது."

பதில் எழுத விரலை வைக்கும் முன் அவர் அனுப்பிய எல்லாவற்றையும் கடைசி வரை படித்துவிடுங்கள். வாய்ஸையும் பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள். வீட்டிலேயே, தனியாக, போனைக் காதில் வைத்துக் கேளுங்கள். வேலைக்கு ஏற்றிப்போகும் லாரியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற விஷயம் இல்லை இது. வாட்சாப்பில், திரையின் மேலே வரும் அறிவிப்பை மட்டும் பார்த்தால் நீல டிக் விழாது, உள்ளே போய்த் திறந்தால்தான் விழும். வாய்ஸை ஓடவிட்டால் அதன் பக்கத்தில் இருக்கும் மைக் படமும் அவர் போனில் நீலமாக மாறும். ஆகவே, படித்து முடித்ததும் இரண்டு வரியாவது எழுத நேரம் இருக்கும்போது திறப்பது நல்லது. 5.20க்கு நீல டிக் விழுந்து மதியம் வரை பதில் வராமல் போனால், 'படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை' என்றுதான் அவருக்குப் படும். தூங்கிவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும், அவரே 'நீ தூங்கு' என்று எழுதியிருக்கிறார். பார்த்த பிறகு வரும் மௌனத்துக்குத்தான் அவரிடம் விளக்கம் இருக்காது.

முதல் தடவை படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: உயிருக்கு ஆபத்தான பேச்சு ஏதாவது இருக்கிறதா? 'நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி', 'இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்' என்ற மாதிரி வரிகள், விடைபெறுவது போன்ற நன்றி, தனக்குப் பிறகு அப்பாவை யார் பார்ப்பார்கள் என்ற ஏற்பாடு, சாவதற்கான வழியைப் பற்றிய பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே நான் சொல்லப்போகும் பதில் எதுவும் பொருந்தாது. அப்போது மெசேஜ் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். காலை ஐந்து மணியாக இருந்தாலும் சரி, பெரட்டுக்கு நேரமானாலும் சரி. எடுத்தால் நேராகவே கேளுங்கள்: 'செத்துடணும்னு தோணுதா டி?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். வெளிப்படையாகக் கேட்ட பிறகு பலருக்குப் பாரம் குறையத்தான் செய்கிறது. ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடக்கூடாது. நீங்களோ நம்பகமான இன்னொருவரோ பக்கத்தில் போய் இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், கைமீறும் நிலை என்றால் 999. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தமிழில் பேச முடியுமா என்று எடுத்தவுடனேயே கேட்டுக்கொள்ளலாம். அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 எண்ணும் இரவு பகல் இயங்குவது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து இன்னமும் சிலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பயத்துக்காகத் தாமதிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் களைத்து, தனித்து நிற்கிற மாதிரி தெரிகிறது. அதற்கு மேல் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, வாய்ஸைக் கேட்டவர் நீங்கள். சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன பக்கமே சாயுங்கள், கூப்பிட்டுக் கேளுங்கள். சந்தேகம் இல்லை என்றால் மட்டும் இனி வருவது.

காலையில் உங்கள் பதிலைப் படிக்கப்போகிறவர், ராத்திரி ஒரு மணிக்கு எழுதிய அதே ஆள் இல்லை. நடுராத்திரிக்கு மேல், தூக்கம் கெட்ட நிலையில், கெட்டது எல்லாம் பெரிதாகத் தெரியும், அடக்கிவைக்கும் சக்தி குறையும். அது அவருடைய பலவீனம் இல்லை, தூக்கமில்லாத மூளை வேலை செய்யும் விதமே அப்படி. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுகிறார், போனை எடுக்கிறார், தான் எழுதியதைத் தானே முதலில் படிக்கிறார். 'ஐயோ, இவ்வளவுமா கொட்டினேன்' என்று கூச்சம் வருகிறது. கூச்சம் ராத்திரியே தொடங்கிவிட்டதற்கு அடையாளம்தான் அந்த 'ஒன்னும் இல்ல'. ராத்திரி அவருக்குத் தேவைப்பட்டது துணை. காலையில் தேவைப்படுவது, சொன்னதால் தன் மதிப்பு குறையவில்லை என்ற உறுதி. பதில் சீக்கிரம் போக வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கூச்சம் முற்றிப்போனால் மதியத்துக்குள் அவரே 'சும்மா புலம்பினேன் லா' என்று கதவைச் சாத்திவிடுவார். ராத்திரிப் பிரச்சினை முழுவதற்கும் காலையில் தீர்வு எழுத உட்கார்ந்தால் பதில் நீளும், நீண்டால் தள்ளிப்போகும். காலைக்கு ஒரு சின்ன பதில், வேலை முடிந்து ஒரு பேச்சு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூட்டாளியின் நிலைக்கு நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன். லீவு, அண்ணன் போன் என்பவை என் ஊகம், அந்த இடத்தில் அவர் சொன்ன விவரங்களைப் போடுங்கள், வார்த்தைகளையும் உங்கள் பேச்சுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"டி, நான் ஒன்பதரைக்கே படுத்துட்டேன், இப்பதான் பார்த்தேன். எல்லாத்தையும் படிச்சேன், வாய்ஸையும் முழுசா கேட்டேன். அப்பாவ அழைச்சிக்கிட்டுப் போறதும் நீ, லீவு கேட்டு நிக்கிறதும் நீ, அண்ணன் போனக்கூட எடுக்கல. ஒத்த ஆளா எவ்ளோதான் தாங்குவ. என்கிட்ட சொன்னியே, அது நல்லது. இப்ப பெரட்டுக்குப் போறேன், ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சதும் கூப்பிடறேன். அதுவரைக்கும் இதுக்குப் பதில் போடணும்னு இல்ல."

முதல் வரி ஏன் பதில் வரவில்லை என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. 'வாய்ஸையும் முழுசா கேட்டேன்' என்பதை விட்டுவிடாதீர்கள். அழுதுகொண்டே பேசியதை இவள் கேட்டாளா, பாதியில் நிறுத்தினாளா என்ற கேள்வி அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, அவர் சொன்னதிலிருந்தே இரண்டு மூன்று விவரங்களை எடுத்துத் திருப்பிச் சொல்கிறது. தொலைபேசியில் பிறர் துயரத்தைக் கேட்கும் பணிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே பழக்கப்படுத்துவது இதைத்தான்: சொன்னவர் சொன்ன விவரத்தையே, நம் தீர்ப்பு கலக்காமல், திருப்பிச் சொல்வது. 'உன் கஷ்டம் எனக்குப் புரியுது' என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். 'லீவு கேட்டு நிக்கிறதும் நீ' என்பதைப் படித்தவர் மட்டும்தான் எழுத முடியும். பிறகு கூச்சத்துக்கு நேராக ஒரு வரி, 'சொன்னியே, அது நல்லது'. அடுத்து வருவது நேரம். 'அப்புறம் பேசலாம்' என்றால் பேசுவார்களா என்று தெரியாது, 'ரெண்டு மணி' என்றால் அதுவரை பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதனால் காப்பாற்ற முடிகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு ஓவர்டைம் வரும் என்று தோன்றினால் மூன்றரை என்றே சொல்லுங்கள். கடைசி வரி பாரத்தை இறக்குவதற்கு. அவர் அப்போது அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கலாம், கடையில் நின்றுகொண்டிருக்கலாம். அழுகைக்குப் பதில் வந்தால் அதற்கும் ஒரு பதில் எழுத வேண்டும் என்பது இன்னொரு வேலை.

இதில் சறுக்கும் இடங்களில் முதலாவது மன்னிப்பு. உங்களுக்கு மனசு உறுத்துவதால் 'சாரி டி, சாரி, நான் ஒரு மோசமான கூட்டாளி' என்று எழுதத் தோன்றும். அதைப் படித்ததும் அவர் என்ன செய்வார்? 'ஐயோ அதெல்லாம் இல்ல டி' என்று உங்களைத் தேற்ற ஆரம்பிப்பார். ராத்திரி சரியாகத் தூங்காதவர் காலையில் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார், அவர் பேச்சு அங்கேயே நின்றுபோகும். ஒன்பதரைக்குப் படுத்தது தப்பே இல்லை, விடியுமுன் எழ வேண்டியவர் நீங்கள். உறுத்தலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் அனுப்பாதீர்கள். இரண்டாவது, 'என்னாச்சு டி?' என்ற கேள்வி. அக்கறையாகத்தான் தெரியும், ஆனால் என்ன ஆச்சு என்பதைத்தான் அவர் ராத்திரி முழுக்க எழுதியிருக்கிறார். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல் என்று கேட்பதாகிவிடும். மூன்றாவது, அண்ணனைத் திட்டுவது. அவர் அண்ணனைத் திட்டலாம், கூடப் பிறந்தவர். நீங்கள் திட்டினால், அடுத்த வாரம் அண்ணன் பணம் போட்டு, தீபாவளிக்கு வந்து நிற்கும்போது, உங்கள் வார்த்தை மட்டும் மிச்சம் இருக்கும், எழுத்தில் வேறு. 'அண்ணன் போனை எடுக்கல' என்று நடந்ததைச் சொல்லலாம், 'உங்க அண்ணனுக்கு மனசே இல்ல' என்பது தீர்ப்பு. 'எல்லாம் சரியாயிடும், சாமியக் கும்பிடு' என்பதும் காலையில் வேண்டாம். அவருக்கு நம்பிக்கை இருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அது பேச்சை முடித்துவைக்கும் வரியாகத்தான் விழும்.

இன்னொன்று சின்னதாகத் தெரியும், ஆனால் வலிக்கும். அவருக்குப் பதில் போடுவதற்கு முன் குடும்பக் குழுவில் பூப் படம் போட்ட 'காலை வணக்கம்' அனுப்பாதீர்கள், ஸ்டேட்டஸும் போடாதீர்கள். அவர் அந்தக் குழுவில் இருந்தாலோ, உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவராக இருந்தாலோ, நீங்கள் எழுந்துவிட்டீர்கள், போனைப் பார்த்துவிட்டீர்கள், தன்னை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அழித்த மெசேஜ் பற்றி. உங்கள் திரையில் 'This message was deleted' என்ற வரிதான் நிற்கும், உள்ளே என்ன இருந்தது என்று ஊகிக்க வழியில்லை. எழுத்துப்பிழைக்காக அழித்திருக்கலாம், சொல்லவே முடியாத ஒன்றை எழுதிவிட்டுப் பயந்திருக்கலாம். காலைப் பதிலில் அதைத் தொடாதீர்கள், 'என்னத்த அழிச்ச?' என்பது விசாரணை மாதிரி இருக்கும். அதற்காக அதை அடியோடு மறந்துவிடவும் கூடாது. மதியம் பேசும்போது, அவர் கொஞ்சம் இளகிய பிறகு, 'ஒன்னை அழிச்சிருந்த, பரவால்ல, சொல்லணும்னா சொல்லு, இல்லன்னா விடு' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மற்ற வரிகளில் ஆபத்தின் சாயல் கொஞ்சமாவது இருந்தால் மட்டும் மதியம் வரை காத்திருக்க வேண்டாம், அந்த அழித்த வரியையும் சேர்த்துக்கொண்டு காலையிலேயே கூப்பிடுங்கள்.

வாய்ஸுக்கு வாய்ஸிலேயே பதில் போடலாமா என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. குரலில் இதம் இருக்கும், உண்மை. ஆனால் காலை நேரத்தில் அவர் அப்பா பக்கத்தில் இருக்கலாம், அதை ஓடவிட்டுக் கேட்க அவருக்கு இடம் இருக்காது. எழுத்தை யாருக்கும் தெரியாமல் படித்துக்கொள்ளலாம், மறுபடியும் படித்துக்கொள்ளலாம். காலைக்கு எழுத்து, மதியத்துக்குக் குரல் என்பது என் விருப்பம்.

நம் ஊர் மாதிரி இடத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து, பேச்சு வெளியே போவதுதான். தோட்டத்தில் ஒரு லயத்தில் தும்மினால் அடுத்த லயத்தில் கேட்கும். பட்டணத்துக்குக் குடிமாறிப் போனாலும் கோயில், கல்யாண வீடு, பாசார் மாலாம் என்று அதே முகங்கள்தான். அவர் உங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு எழுதியதற்கு, வேறு யாரிடமாவது சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். 'பாவம் அந்தப் புள்ள' என்று நல்ல மனதோடு அவர் கோயிலில் ஒருவரிடம் சொன்னால் போதும். பதில் வரவில்லையே என்று அவருடைய சித்தி மகளிடம் 'அவ நல்லா இருக்காளா?' என்று விசாரிக்காதீர்கள், அந்தக் கேள்வியே செய்தியாகிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா எதிரில் முகத்தைப் பார்த்து 'ராத்திரி அழுதியா?' என்று கேட்காதீர்கள். தன்னால்தான் மகள் அழுகிறாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் நாளைக்கு டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று சொல்லக்கூடும், அதுவும் இவர் தலையில்தான் விடியும். ரகசியம் காக்கும் இந்த விதிக்கு ஒரே விலக்கு உயிராபத்து. அப்போது யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லத்தான் வேண்டும், கூட்டாளி கோபித்தாலும் பரவாயில்லை.

இரண்டு மணிக்குச் சொன்னபடி கூப்பிடுங்கள். எடுத்ததும் ராத்திரியைப் பற்றி ஆரம்பிக்காமல், 'பேச முடியுமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அடுத்த கேள்வி: 'நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கட்டுமா, இல்ல சேர்ந்து ஏதாவது வழி யோசிக்கலாமா?' இந்த ஒரு கேள்வி பல மனத்தாங்கலைத் தவிர்க்கும், ஏனென்றால் கொட்ட வந்தவருக்கு யோசனை சொன்னாலும், யோசனை கேட்டு வந்தவருக்கு 'ம்' மட்டும் கொட்டினாலும் இரண்டுமே ஏமாற்றம்தான். கேட்கச் சொன்னால் கேளுங்கள். நடுவில் அவர் நிறுத்தினால் ஐந்தாறு விநாடி நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் முக்கியமானது வரும், நாம் அவசரப்பட்டு நிரப்பினால் அது உள்ளேயே போய்விடும்.

வழி யோசிக்கலாம் என்றால், நீங்கள் செய்ய முடிந்த ஒன்றை மட்டும், நாள் குறித்துச் சொல்லுங்கள். 'என்ன உதவி வேணும்னாலும் கேளு' என்றால் அவர் கேட்க மாட்டார். ஹீமோடயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். அவருடைய நாள்களில் ஒன்று சனிக்கிழமை என்றால், 'இந்த சனிக்கிழமை அப்பாவ நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கிட்டு வரேன், நீ தூங்கு' என்பது அவருக்கு முழுதாக அரை நாள். அதற்கு முடியவில்லை என்றால் அந்த நான்கு மணி நேரத்தில் வெளியே அவரோடு உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் பேச முடியாததை அங்கே பேச முடியும், அப்பா உள்ளே இருப்பார், வேறு வேலையும் இருக்காது. அப்பா பெர்கேசோவில் சந்தா கட்டியவர் என்றால் டயாலிசிஸ் உதவிக்குத் தகுதி உண்டா என்று அலுவலகத்தில் விசாரிப்பதும் நல்ல யோசனைதான். இதைத்தான் காலை ஐந்து மணிக்கு எழுதக்கூடாது என்கிறேன். அழுகைக்குப் பதிலாக விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்யும் விவரம் வந்தால் நல்ல தகவலும் குளிர்ந்துபோகும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அதே தகவல் கைகொடுக்கும்.

காலைப் பதிலுக்கு அவர் 'ஒன்னும் இல்ல லா, தூக்கம் வரல அதான்' என்று எழுதினால் மறுத்துப் பேசாதீர்கள், 'பொய் சொல்லாத' என்றும் சொல்லாதீர்கள். 'சரி டி, ரெண்டு மணிக்கு எப்பவும் போல கூப்பிடறேன்' என்று எழுதுங்கள், கூப்பிடுங்கள். அவர் வேறு கதை பேசினால் வேறு கதையே பேசுங்கள், அதுவும் அவருக்கு மருந்துதான். பதிலே வரவில்லை, ஆனால் டிக் நீலமாகிவிட்டது என்றால் படித்துவிட்டார், அவ்வளவு போதும். மதியம் வரை இன்னொன்று அனுப்பாதீர்கள், 'ஏன் பதில் போடல, கோபமா?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். மதியத்துக்குப் பிறகும் இரண்டு சாம்பல் டிக்கிலேயே நின்று, அழைப்பையும் எடுக்கவில்லை என்றால், அவர் அந்த நேரத்தில் வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நீங்களே ஏதாவது ஒரு காரணத்தோடு போய்ப் பாருங்கள். இரண்டு வாழைப்பழப் பலகாரம் வாங்கிக்கொண்டு போவது போதுமான காரணம்.

இப்படி ராத்திரிகள் அவருக்கு இன்னும் வரும், டயாலிசிஸ் ஒரு மாதத்தில் முடியும் காரியம் இல்லை. மாதக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று தெரிந்தால் கூட்டாளியின் காது மட்டும் போதாது. கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரிடம் இதையும் சொல்லலாம், அங்கிருந்து மேலே அனுப்புவார்கள், முதல் தடவை கூடப் போக நீங்கள் முன்வரலாம். ராத்திரி நேரத்துக்கு உங்கள் போனிலேயே ஓர் ஏற்பாடு செய்ய முடியும். சத்தம் வராத நிலையில் போட்டுத் தூங்கினாலும், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் அது Do Not Disturb அமைப்புக்குள் Allow Repeated Calls, மூன்று நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் பல போன்களில் Allow repeat callers என்று இருக்கும், அங்கே பதினைந்து நிமிடம். அதைப் போட்டுவிட்டு அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'எழுதணும்னா எப்ப வேணும்னாலும் எழுது, காலையில படிப்பேன். தாங்க முடியலன்னா ரெண்டு தடவை கூப்பிடு, எழுந்துடுவேன்.' வாட்சாப் அழைப்பு இந்த வழியில் வரும் என்று நம்ப முடியாது, சாதாரண அழைப்பாகக் கூப்பிடச் சொல்லுங்கள், பகலில் ஒரு தடவை இருவரும் சேர்ந்து அடித்துப் பார்த்துவிடுங்கள்.